B1-ஆ, B2-ஆ? தண்ணீரும் அம்மோனியாவும் அதிர்வதை எண்ணிய கதை

இந்த எபிசோடை ஒரு மார்க் சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காலேஜ்ல ஸ்பெக்ட்ராஸ்கோபி ஒரு எலக்டிவ் பேப்பர். இன்டர்னல் டெஸ்ட்ல ஒரு கேள்வி: தண்ணீர் மூலக்கூறின் அதிர்வுகளை வகைப்படுத்துக. நான் நோட்டில் இருந்ததை அப்படியே மனப்பாடம் பண்ணி 2A1 + B1 என்று எழுதினேன், முழு மார்க். என் ரூம்மேட் மனப்பாடம் பண்ணாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டு 2A1 + B2 என்று எழுதினான். தப்பு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். அவனும் எங்கேயோ கோட்டை விட்டுட்டோம்னு விட்டுட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தபோது அதே கணக்கை பைத்தானில் எழுதிப் பார்த்தேன். ஸ்கிரீனில் வந்தது B2. சாயங்காலம் முழுக்க பக் தேடினேன். கோடில் பக் இல்லை. அப்போ பக் எங்கே இருந்தது? அதைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் இன்றைய கதை. அது கெமிஸ்ட்ரி லேபில் ஆரம்பிக்கவில்லை, ஒரு கணிதக் கடிதத்தில் ஆரம்பிக்கிறது.

கடிதமும் தோல் தொழிற்சாலையும்

1896. ஜெர்மனியில் டெடிகைண்ட் என்ற கணிதவியலாளர் பெர்லினில் இருந்த ஃப்ரோபீனியஸுக்கு ஒரு புதிரைக் கடிதத்தில் அனுப்புகிறார். ‘குரூப்’ என்ற கணித அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய டிடர்மினன்ட் எழுதலாம். அது எப்படிச் சின்னச் சின்னக் காரணிகளாக உடைகிறது என்பதுதான் கேள்வி. அதை அவிழ்க்கும் வழியில் அதே வருஷம் ஃப்ரோபீனியஸ் உருவாக்கியதுதான் ‘கேரக்டர்’ என்ற கருத்து. இன்றைக்கு நாம் கேரக்டர் டேபிள் என்று சொல்வதன் ஆணிவேர் இதுதான். தண்ணீர், அம்மோனியா பற்றியெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை. அது சுத்தமான கணிதம்.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1891-இல், ஷோன்ஃப்லீஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர் படிகங்களின் சமச்சீரை வகைப்படுத்தி ஒரு புத்தகம் போட்டிருந்தார். C2v, C3v என்று நாம் எழுதும் பெயர்களெல்லாம் அவர் பாணியில் வந்தவை. அதாவது பெயர் வைக்கும் முறை ஒரு பக்கம், எண்ணும் முறை இன்னொரு பக்கம் என்று இரண்டும் தயாராக இருந்தன. மூலக்கூறு அதிர்வுக்காக அவற்றைச் சேர்த்துவைக்கத்தான் ஆள் வரவில்லை.

அந்த ஆள் யூஜின் விக்னர். புடாபெஸ்ட்காரர். பெர்லினில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தார். படித்து முடித்ததும் அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு பெர்லினுக்கே இயற்பியலுக்காகத் திரும்பினார். அங்கே பல எலக்ட்ரான்கள் உள்ள ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டபோது, நண்பர் வான் நாய்மன் “ஃப்ரோபீனியஸையும் ஷூரையும் படி” என்று வழி காட்டினார்.

விக்னர் படித்தார். அந்தக் காலத்தில் நிறைய இயற்பியலாளர்களுக்கு இந்த குரூப் தியரி மேல் எரிச்சல்தான். ‘குரூப்பன்பெஸ்ட்’, அதாவது குரூப் கொள்ளைநோய் என்றே ஜெர்மனில் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். விக்னர் பின்வாங்கவில்லை. 1930-இல் கோட்டிங்கன் அறிவியல் கழக வெளியீட்டில், சமச்சீர் உள்ள அமைப்புகளின் அதிர்வுகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான்: மூலக்கூறின் வடிவம் தெரிந்தால் போதும். அணுக்களுக்கு நடுவே இருக்கும் விசை எவ்வளவு என்று தெரியாமலேயே, அதற்கு எத்தனை வகை அதிர்வுகள் உண்டு என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

தண்ணீரை எண்ணுவோம்

சரி, நாமும் எண்ணிப் பார்ப்போம். பேப்பரில் ஒரு V-யைத் தலைகீழாக வரைந்துக்கோங்க. உச்சியில் ஆக்ஸிஜன், இரண்டு காலிலும் ஹைட்ரஜன்.

முதல் வேலை, பாயிண்ட் குரூப் கண்டுபிடிப்பது. நீங்க கண்ணை மூடிக்கறீங்க, நான் மூலக்கூறை ஏதோ பண்றேன், நீங்க கண்ணைத் திறந்தா எதுவும் மாறின மாதிரி தெரியக் கூடாது. அப்படி என்னவெல்லாம் பண்ண முடியும்? ஆக்ஸிஜன் வழியாக நேராக இறங்கும் அச்சைச் சுற்றி 180 டிகிரி திருப்பலாம், இரண்டு ஹைட்ரஜனும் இடம் மாறிக்கும். இது C2. மூலக்கூறு படுத்திருக்கும் தளத்தையே கண்ணாடியாக வைக்கலாம். அதற்குச் செங்குத்தாக, V-யை நடுவில் பிளக்கும் தளத்தையும் கண்ணாடியாக வைக்கலாம். எதுவுமே பண்ணாமல் சும்மா விடுவதும் கணக்கில் சேரும், அது E. மொத்தம் நான்கு. இரண்டு தடவை திரும்பினால் பழையபடி வரும் ஒரு அச்சு, அதை உள்ளடக்கிய செங்குத்துக் கண்ணாடிகள். அதனால் பெயர் C2v. v என்றால் செங்குத்து.

அடுத்து ஒவ்வொரு அணுவிலும் x, y, z என்று மூன்று அம்புகள் ஒட்டுங்க. மூன்று அணு, ஒன்பது அம்பு. நான்கு செயல்களில் ஒவ்வொன்றும் இந்த ஒன்பதையும் கலைத்துப்போடும் ஒரு 9×9 மேட்ரிக்ஸ். ஆனால் முழு மேட்ரிக்ஸும் நமக்கு வேண்டாம். மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களின் கூட்டல் மட்டும் போதும். ஃப்ரோபீனியஸின் கேரக்டர் என்பது இதுதான்.

அந்தக் கூட்டலை மேட்ரிக்ஸ் எழுதாமலேயே கண்டுபிடிக்கலாம். இடம் மாறிப்போன அணுவின் அம்புகள் மூலைவிட்டத்தில் நிற்காது, அதன் பங்கு பூஜ்யம். இடத்திலேயே நிற்கும் அணுவில், அதே திசையில் நிற்கும் அம்புக்கு +1, எதிர்த் திசைக்குத் திரும்பிய அம்புக்கு −1.

C2 திருப்பலில் ஆக்ஸிஜன் மட்டும்தான் இடத்தில் நிற்கிறது. அதன் z அம்பு அப்படியே, x-உம் y-உம் திரும்பிவிடும். ஆக −1. கண்ணாடியில் ஒரு அணுவுக்கு இரண்டு அம்பு நிற்கும், ஒன்று திரும்பும், பங்கு +1. மூலக்கூறின் தளமே கண்ணாடி என்றால் மூன்று அணுவும் நிற்கும், ஆக 3. செங்குத்துக் கண்ணாடியில் ஆக்ஸிஜன் மட்டும், ஆக 1. சும்மா விட்டால் ஒன்பதும் நிற்கும், 9.

மூலக்கூறை yz தளத்தில் படுக்க வைத்ததாக வைத்துக்கொண்டால், நம் கையில் இருக்கும் வரிசை 9, −1, 1, 3. இதைக் கேரக்டர் டேபிளோடு ஒப்பிடுவோம்:

```
C2v   E   C2  σ(xz) σ(yz)
A1    1    1    1     1    z
A2    1    1   -1    -1    Rz
B1    1   -1    1    -1    x, Ry
B2    1   -1   -1     1    y, Rx
```

ஒவ்வொரு வரியும் நடந்துகொள்ளும் விதத்தில் ஒரு அடிப்படை வகை. A என்றால் C2 திருப்பலில் குறி மாறாது, B என்றால் மாறும். நம் வரிசைக்குள் ஒவ்வொரு வகையும் எத்தனை தடவை ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, வரிசைகளைப் பெருக்கிக் கூட்டி, மொத்தச் செயல்களின் எண்ணிக்கையான நான்கால் வகுத்தால் போதும்.

```python
water = [9, -1, 1, 3]
table = {"A1": [1, 1, 1, 1], "A2": [1, 1, -1, -1],
         "B1": [1, -1, 1, -1], "B2": [1, -1, -1, 1]}
for name, row in table.items():
    print(name, sum(a*b for a, b in zip(water, row)) / 4)
```

விடை: A1 மூன்று, A2 ஒன்று, B1 இரண்டு, B2 மூன்று. மொத்தம் ஒன்பது, சரியா இருக்கு.

ஆனா இந்த ஒன்பதும் அதிர்வு இல்லை. மூலக்கூறு முழுசாக நகர்வது மூன்று, முழுசாகச் சுழல்வது மூன்று. டேபிளின் வலது ஓரத்தில் இருக்கும் x, y, z நகர்வைச் சொல்கின்றன, R போட்டவை சுழற்சியை. அந்த ஆறையும் கழித்தால் மிஞ்சுவது 2A1 + B2. மூன்று அதிர்வுகள்.

நீராவியில் அளந்தால் அந்த மூன்றும் இருக்கின்றன. இரண்டு O–H பிணைப்பும் சேர்ந்து நீள்வது 3657 செ.மீ.⁻¹. கோணம் விரிந்து சுருங்குவது 1595. இவை இரண்டும் A1. ஒரு பிணைப்பு நீளும்போது மற்றது சுருங்குவது 3756, இதுதான் அந்த B2. செ.மீ.⁻¹ என்பது ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் அடங்கும் என்ற கணக்கு. 3657, 1595 போன்ற எண்களை டேபிள் தராது, கவனிச்சுக்கோங்க. எத்தனை, எந்த வகை என்பதோடு அதன் வேலை முடிந்தது.

அந்த பக்

இப்போ B1, B2 சண்டைக்கு வருவோம். நான் மூலக்கூறை yz தளத்தில் படுக்க வைத்தேன். என் பழைய நோட்டில் அது xz தளத்தில் படுத்திருந்தது. x-ஐயும் y-ஐயும் மாற்றினால் டேபிளின் B1, B2 வரிகளும் இடம் மாறும். மூலக்கூறு மாறவில்லை, 3756 மாறவில்லை, பெயர்ப்பலகை மட்டும் மாறியது. என் ரூம்மேட்டின் பேப்பரில் அச்சு எந்தப் பக்கம் என்று படமே போட்டிருந்தான். அதைத் திருத்தியவர் பார்க்கவில்லை.

இந்தக் குழப்பம் எங்கள் காலேஜில் பிறந்ததில்லை. A1, B2, E என்ற இந்தக் குறியீடுகளுக்கே முல்லிகன் குறியீடுகள் என்றுதான் பெயர். அமெரிக்காவின் ராபர்ட் முல்லிகன் 1930-களில் இவற்றைப் பரப்பினார். ஆளாளுக்கு அச்சை ஒவ்வொரு விதமாக வைத்ததால், ஒரே அதிர்வு ஒரு கட்டுரையில் B1 ஆகவும் இன்னொன்றில் B2 ஆகவும் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 1955-இல் குறியீடுகள் பற்றிய ஒரு அறிக்கை வெளியானது. தண்ணீர் மாதிரி தட்டையான C2v மூலக்கூறு என்றால் x அச்சு அதன் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கட்டும் என்பது அதன் பரிந்துரை. அதன்படி போனால் விடை B2. ஆனால் பழைய வழக்கத்தைத் தொடர்ந்த பாடப்புத்தகங்களும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அதனால் விடையைப் பார்க்கும் முன் அச்சைப் பார்க்கணும். அச்சு சொல்லாத B1-க்கும் B2-வுக்கும் அர்த்தமே கிடையாது.

அம்மோனியா

தண்ணீரில் பெயர்தான் தடுமாறியது. அம்மோனியாவில் எண்ணிக்கையே தடுமாறுகிற மாதிரி தெரியும்.

அம்மோனியா மூன்று கால் முக்காலி. மேலே நைட்ரஜன், கீழே மூன்று ஹைட்ரஜன். 120 டிகிரி திருப்பினால் அதே மாதிரி இருக்கும், இடமிருந்து வலம் ஒன்று, வலமிருந்து இடம் ஒன்று என இரண்டு திருப்பல்கள். ஒவ்வொரு கால் வழியாகவும் ஒரு செங்குத்துக் கண்ணாடி, மொத்தம் மூன்று. சும்மா விடுவதோடு சேர்த்து ஆறு. பெயர் C3v.

எண்ணுவோம். நான்கு அணு, சும்மா விட்டால் 12. 120 டிகிரி திருப்பலில் நைட்ரஜன் மட்டும் நிற்கும். ஆனால் அதன் x, y அம்புகள் பாதி வழியில் திரும்பிவிடுவதால் இரண்டும் சேர்ந்து −1 தரும், z +1 தரும், ஆக 0. கண்ணாடியில் நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் நிற்கும், ஆக 2. வரிசை: 12, 0, 2.

```
C3v   E   2C3  3σv
A1    1    1    1    z
A2    1    1   -1    Rz
E     2   -1    0    (x,y), (Rx,Ry)
```

நிறைய பேர் சறுக்கும் இடம் இது. தலைப்பில் இருக்கும் 2-உம் 3-உம் அலங்காரம் இல்லை. திருப்பல் இரண்டு, கண்ணாடி மூன்று, அதையும் பெருக்கணும். மறந்தால் A1-க்கு 12 + 0 + 2 = 14, ஆறால் வகுத்தால் 2.33 வரும். ஒரு மூலக்கூறுக்குள் 2.33 அதிர்வு இருக்க முடியாது. பின்னம் வந்தாலே எங்கேயோ தப்பு என்று அர்த்தம், இந்தக் கணக்குக்குள் தானாகவே இருக்கும் யூனிட் டெஸ்ட் அது. ஒழுங்காகப் போட்டால் 12 + 0 + 6 = 18, ஆறால் வகுத்தால் 3. அதே மாதிரி A2 ஒன்று, E நான்கு. நகர்வையும் சுழற்சியையும் கழித்தால் மிஞ்சுவது 2A1 + 2E.

E வகை எப்போதும் ஜோடியாக வரும். இரண்டு அதிர்வுகள், ஒரே அதிர்வெண். ஆக அம்மோனியாவுக்கு ஆறு அதிர்வுகள், ஆனால் நான்கு அதிர்வெண்கள்: 3337, 950-ஐ ஒட்டி ஒன்று, 3444, 1627. முதல் இரண்டும் A1. அந்த 950-தான் நம்ம ஹீரோ. முக்காலி குடை மாதிரி விரிந்து மடங்கும் அதிர்வு அது.

சரி, அம்மோனியா முக்காலிதான், தட்டையான சக்கரம் இல்லை என்று எப்படித் தெரியும்? தட்டையாக இருந்தாலும் எண்ணிப் பார்த்தால் நான்கு அதிர்வெண்தான் வருகிறது, எண்ணிக்கை காப்பாற்றாது. காப்பாற்றுவது, எது கண்ணுக்குத் தெரியும் என்பது. இன்ஃப்ராரெட் ஒளியை ஒரு அதிர்வு உறிஞ்ச வேண்டுமானால் மூலக்கூறின் மின் சமநிலை அதனால் ஆட வேண்டும். டேபிளில் அந்த வகைக்குப் பக்கத்தில் x, y, z-இல் ஏதாவது ஒன்று இருக்கா என்று பார்த்தால் போதும். தட்டைச் சக்கரத்தில் மூன்று காலும் சேர்ந்து நீண்டால் எந்தப் பக்கமும் சாய்வு வராது, அது இன்ஃப்ராரெட்டில் தெரியவே தெரியாது. நிஜமாகவே தட்டையான போரான் ட்ரைஃப்ளோரைடில் அப்படித்தான் நடக்கிறது. அதன் 888 அதிர்வு, 1928-இல் கல்கத்தாவில் ராமன் கண்டுபிடித்த சிதறலில் மட்டுமே தெரியும். அம்மோனியாவில் நான்குமே இன்ஃப்ராரெட்டில் தெரிகின்றன. அதனால் முக்காலிதான்.

ஒன்று எப்படி இரண்டானது?

இப்போதான் சிக்கல். டேபிள் சொல்வது, குடை அதிர்வு ஒன்றே ஒன்று. ஸ்பெக்ட்ரத்தில் அந்த இடத்தில் நிற்பது இரண்டு: 932-இல் ஒன்று, 968-இல் ஒன்று. நடுவில் ஏறத்தாழ 36 செ.மீ.⁻¹ இடைவெளி.

நாம எண்ணினதுல தப்பா? இல்லை. எண்ணும் முன் நாம் சொல்லாமலேயே எடுத்துக்கொண்ட ஒரு அனுமானம்தான் உடைகிறது. அணுக்கள் தங்கள் இடத்தைச் சுற்றிக் கொஞ்சமாக ஆடுகின்றன, முக்காலி முக்காலியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் காற்றில் மாட்டிய குடை மாதிரி அது அந்தப் பக்கம் புரண்டுவிடும். நடுவில் ஒரு ஆற்றல் மேடு இருந்தாலும், குவாண்டம் உலகத்தில் மேட்டை ஏறாமலேயே ஊடுருவலாம். 1932-இல் டெனிசனும் ஊலன்பெக்கும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு பள்ளம், நடுவில் ஒரு மேடு என்றால், ஒவ்வொரு ஆற்றல் நிலையும் இரண்டாகப் பிளக்கும்.

இது சாக்கு இல்லை, சரியான விளக்கம்தான் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. குடை அதிர்வில்தான் மூலக்கூறு மேட்டை நோக்கிப் போகிறது, அதனால் பிளவு அங்கே பெரிசு. பிணைப்பு நீளும் அதிர்வில் மிகச் சிறிசு. ஹைட்ரஜனுக்குப் பதில் இரண்டு மடங்கு கனமான டியூட்டீரியம் போட்டால் ஊடுருவுவது கஷ்டம், பிளவு சுருங்குகிறது. அதிராமல் சும்மா இருக்கும் நிலையிலும் சுமார் 0.8 செ.மீ.⁻¹ பிளவு இருக்கணும். அதைத் தலைகீழாக்குங்க: 1.25 சென்டிமீட்டர் அலைநீளம், மைக்ரோவேவ். 1934-இல் மிச்சிகனில் க்ளீட்டனும் வில்லியம்ஸும் அம்மோனியா வாயு அந்த அலையை உறிஞ்சுவதை நேரடியாக அளந்தார்கள். இருபது வருஷம் கழித்து டவுன்ஸ் குழு உருவாக்கிய முதல் மேசர் ஓடியதும் இதே பிளவில்தான்.

அப்போ C3v பொய்யா? 1963-இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் இதற்கு ஒரு தெளிவான பதில் கொடுத்தார். மூலக்கூறு நாம் பார்க்கும் கால அளவுக்குள் நிஜமாகவே செய்யக்கூடிய மாற்றங்களை எல்லாம் குரூப்பில் சேர்க்கணும். புரள்வதையும் சேர்த்தால் அம்மோனியாவின் செயல்கள் ஆறு இல்லை, பன்னிரண்டு. அதன் கேரக்டர் டேபிள் தட்டைச் சக்கரத்தின் டேபிள் மாதிரியே இருக்கும். அந்தப் பெரிய டேபிளில், பிளந்த இரண்டு நிலைகளுக்கும் தனித்தனிப் பெயர் கிடைக்கிறது. 36 அளவுக்கான பிளவு உங்கள் கருவிக்குத் தெரியவில்லை என்றால் C3v போதும். தெரிகிறது என்றால் போதாது.

தண்ணீரில் அச்சு, அம்மோனியாவில் புரளல். இரண்டிலுமே கணக்கு சரி, கணக்குக்கு முன்னால் எடுத்துக்கொண்டதைத்தான் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

இந்த எபிசோடை எழுதி முடித்ததும் என் ரூம்மேட்டுக்கு மெசேஜ் போட்டேன்: “டேய், அந்த B2 கரெக்ட்டுடா.” கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: “அச்சு வரைஞ்சிருந்தேனேடா, யாரும் பாக்கலையா?”

பாக்கலை மச்சி. நானும்தான் பாக்கலை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.